நீண்ட மின்னஞ்சலைக் குழுச் செய்தியாகச் சுருக்கும்போது கேட்டது தொலைந்துபோனால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். வெளிநாட்டு பையர் அனுப்பும் மின்னஞ்சலைப் படித்து, தொழிற்சாலைக்குத் தேவையானதை எடுத்து, வாட்ஸ்அப் குழுவில் போடுவது என் அன்றாட வேலையில் பாதி. குழுவில் பதினொரு பேர். டையிங்கைப் பின்தொடர்பவர், கட்டிங் மாஸ்டர், தையல் சூப்பர்வைசர், செக்கிங், பேக்கிங் பொறுப்பாளர்கள் என்று யாரும் மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் அல்லர். இயந்திரச் சத்தத்துக்கு நடுவே, நின்றபடி, ஒரு கையில் துணியும் மறுகையில் போனுமாகத்தான் என் செய்தியைப் படிக்கிறார்கள். அதனால் சுருக்கித்தான் ஆக வேண்டும். சுருக்கும்போதுதான் பையர் கேட்டது காணாமல் போகிறது.

2025 அக்டோபரில் எனக்கு அப்படி ஒன்று நடந்தது. அந்த ஒரு மின்னஞ்சலை வைத்தே இதை எழுதுகிறேன், ஏனென்றால் சுருக்கும்போது நேரும் பிழைகளில் பெரும்பாலானவை அதிலேயே இருந்தன. ஜெர்மனியில் இருக்கும் பையர் அக்டோபர் 7, செவ்வாய்க்கிழமை மாலை அனுப்பியது. தலைப்பு: ‘நேவி லேப் டிப் பற்றிய கருத்துகள்’. லேப் டிப் என்பது நிறத்துக்கு ஒப்புதல் வாங்க முதலில் சாயமேற்றி அனுப்பும் சிறு துணி மாதிரி; லாட் என்பது ஒரே தடவையில் சாயமேற்றும் துணி. உள்ளே இருந்ததைத் தமிழில் தருகிறேன்.

முதல் பத்தியில் மாதிரிகளை விரைவாக அனுப்பியதற்கு நன்றி. இரண்டாவதில் டிசம்பர் ஆர்டருக்கான நேவி நிறம்: மூன்று லேப் டிப்பில் பி ஒப்புதல், ஆனால் கடை விளக்கில் அது சிறிது சிவப்பு அடிக்கிறது, அந்தச் சிவப்பைக் குறைத்து முதல் லாட்டை மட்டும் சாயமேற்றி, துணித்துண்டை அனுப்பி, ஒப்புதல் கிடைத்த பிறகு மற்ற லாட்டுகளுக்குப் போகவும். மூன்றாவதில் அதே ஆர்டரின் ஃபிட் சாம்பிள்: கழுத்து அகலம் அரை சென்டிமீட்டர் அதிகம். நான்காவது பத்தி இப்படிப் போனது: ‘இதற்கிடையில், எங்கள் பொருள் எண் மாறியிருப்பதால் கருப்பு டீ-ஷர்ட் ஆர்டரின் விலை டேக்கில் புதிய பார்கோடு வர வேண்டியிருக்கிறது, கோப்பை இணைத்திருக்கிறோம். இந்த மாற்றத்துடனும் அக்டோபர் 24 என்ற அனுப்பும் தேதி சாத்தியம்தானா என்பதை வியாழக்கிழமை 14 மணிக்குள் தெரிவித்தால் உதவியாக இருக்கும். அதற்குள் உங்களிடமிருந்து எதுவும் வராவிட்டால் தேதி உறுதி என்று எடுத்துக்கொண்டு கப்பலில் இடம் பதிவு செய்துவிடுவோம்.’ ஐந்தாவது பத்தி அடுத்த கோடைக்காலத் தொகுப்பைப் பற்றியது.

நான் குழுவில் போட்டது இது:

‘நேவி பி ஓகே. கழுத்து அகலம் அரை சென்டி குறைக்க வேண்டும். கருப்பு ஆர்டருக்குப் புது பார்கோடு டேக் வருகிறது. ஷிப்மென்ட் 24.’

மின்னஞ்சலில் இருந்த எல்லாப் பொருளும் இதில் இருக்கிறது. பையர் கேட்டது மட்டும் இல்லை. பதினொரு பேரும் படித்தார்கள். நான்கு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

அறிகுறி: கட்டைவிரல் வருகிறது, விடை வரவில்லை

காரணம், கேள்வி செய்தியாக மாறிவிட்டது. ‘24 சாத்தியமா?’ என்று பையர் கேட்டதை நான் ‘ஷிப்மென்ட் 24’ என்று அறிவித்துவிட்டேன். அறிவிப்புக்குக் கட்டைவிரல்தான் சரியான மறுமொழி. குழுவினர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இது ஏன் நடக்கிறது என்றால், சுருக்கும்போது நம் கண் பெயர்ச்சொற்களையும் எண்களையும் பொறுக்குகிறது. நேவி, பி, அரை சென்டி, பார்கோடு, 24 எல்லாம் தப்பிப் பிழைக்கின்றன. ‘சாத்தியம்தானா’, ‘தெரிவித்தால் உதவியாக இருக்கும்’ என்பவை மரியாதைச் சொற்கள்போலத் தோன்றுவதால் முதலில் வெட்டுப்படுகின்றன. வணிக மின்னஞ்சலில் கோரிக்கை குடியிருப்பதே அந்த மரியாதைச் சொற்களுக்குள்தான். ‘இயலுமா’, ‘எதிர்பார்க்கிறோம்’, ‘தெரிவித்தால் நன்று’ என்று வரும் இடத்தை எல்லாம் வெட்டுவதற்கு முன் நின்று பார்க்க வேண்டும்.

சரிசெய்ய நான் இப்போது செய்வது: சுருக்கத்தை எழுதுவதற்கு முன்னால், பையருக்கு நான் அனுப்பப்போகும் பதிலின் முதல் வரியை எழுதிவிடுகிறேன். தெரியாத இடத்தில் கோடு போடுகிறேன். இந்த மின்னஞ்சலுக்கு அந்த வரி இப்படி இருந்திருக்கும்: ‘புதிய டேக்குடன் கருப்பு ஆர்டரை அக்டோபர் ____ அன்று அனுப்ப முடியும்.’ அந்தக் கோடுதான் கோரிக்கை. குழுவில் போடும் செய்தியின் வேலை அந்தக் கோட்டை நிரப்புவது. மற்றதெல்லாம் பிறகு.

இந்த வழி எனக்குப் பிடித்ததற்குக் காரணம், இது தலைப்பையும் பத்தி வரிசையையும் நம்புவதில்லை. அந்த மின்னஞ்சலின் தலைப்பு நேவியைப் பற்றியது. உடனடியாகப் பதில் தேவைப்பட்டது கருப்பைப் பற்றி. எழுதியவர் நேவியைப் பற்றி எழுத உட்கார்ந்து, பாதியில் டேக் நினைவு வந்து சேர்த்திருக்கிறார். ‘இதற்கிடையில்’, ‘மேலும் ஒன்று’, ‘இத்துடன்’ என்று தொடங்கும் பத்திகளில் இப்படி வேறொரு ஆர்டரின் அவசரம் ஒளிந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். பதில் வரியை எழுதத் தொடங்கினால் எதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது தானாகத் தெரிந்துவிடும். ஒரு கோடும் விழவில்லை என்றால் அந்த மின்னஞ்சலில் குழுவிடம் கேட்க ஒன்றுமில்லை. தகவலாகவே போடலாம், கட்டைவிரலே போதும்.

அறிகுறி: ‘பார்க்கிறேன்’, ‘பார்த்துச் சொல்கிறேன்’ என்று வருகிறது, அதற்குமேல் ஒன்றும் வருவதில்லை

கேள்வி இருக்கிறது, கேள்விக்குறியும் இருக்கிறது. ஆனால் படிப்பவரால் விடை சொல்ல முடியாத கேள்வி. இந்தப் பிழையைத்தான் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் நாம் மின்னஞ்சலுக்கு உண்மையாக இருந்ததாகவே நினைத்துக்கொள்வோம்.

‘24 சாத்தியமா?’ என்று நான் சரியாகவே கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். பேக்கிங் அண்ணனிடம் அதற்கு விடை இல்லை. டேக் எப்போது வரும் என்று அவருக்குத் தெரியாது. டேக் அச்சிட்டுத் தரும் சப்ளையரிடம் பேசுவது வேறொருவர். அந்த வேறொருவருக்குப் பேக்கிங்கில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியாது. ஆளுக்கு ஒரு துண்டு கையில் இருக்கிறது. முழுக் கேள்வி யாருடையதும் அல்ல. அதனால் ‘பார்க்கிறேன்’ என்பதுதான் நேர்மையான பதில்.

பையர் என்னிடம் கேட்டது எனக்கான கேள்வி. அதை அப்படியே குழுவிடம் தள்ளுவது சுருக்கம் ஆகாது. விடை எந்தெந்தத் துண்டுகளால் ஆனது என்று பிரித்து, ஒவ்வொருவரிடமும் அவர் கையில் இருக்கும் துண்டை மட்டும் கேட்க வேண்டும். இதைச் செய்யும்போது மின்னஞ்சலில் இல்லாத சொற்கள் செய்தியில் வரும். வரட்டும்.

கணக்கைப் பாருங்கள். கருப்பு ஆர்டர் 6,000 பீஸ். எங்கள் பேக்கிங்கில் டேக் கட்டி, மடித்து, பாலிபேக்கில் போட்டு, பெட்டியில் அடுக்குவது ஒரு நாளைக்கு 1,200 பீஸ். ஆக ஐந்து முழு நாட்கள். அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. ஊருக்குப் போகிறவர்கள் 18ஆம் தேதி சனிக்கிழமை சம்பளமும் போனஸும் வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். தீபாவளி வாரம் முழுக்க ஆள் குறைவு. எனவே 14 முதல் 18 வரை ஐந்து நாள்தான் கைவசம். டேக் 13ஆம் தேதி திங்கட்கிழமை கையில் இருந்தால் 24 சாத்தியம். அதற்குப் பிறகு வந்தால் சாத்தியமில்லை. இந்தக் கணக்கைப் போட பேக்கிங் அண்ணனுக்கு ஒரு நிமிடம் போதும், ஆனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை.

அவரிடம் கேட்க வேண்டியிருந்தது, ‘டேக் எந்தத் தேதிக்குள் கையில் வந்தால் 24க்கு முடிப்பீர்கள் அண்ணா?’ என்பது. சப்ளையரிடம் பேசுபவரிடம் கேட்க வேண்டியிருந்தது, ‘நாளை ஆர்டர் கொடுத்தால் டேக் எந்தத் தேதி கிடைக்கும்?’ என்பது. இரண்டு தேதிகள் வந்தால் பதில் வரியின் கோட்டை நானே நிரப்பிவிடுவேன். ‘முடியுமா?’ என்று கேட்டால் ‘முடியும் சார்’ என்று மரியாதைக்காகச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. தேதியைக் கேட்டால் அந்த இடைஞ்சல் இல்லை. எண்ணைச் சொல்ல யாரும் தயங்குவதில்லை.

நடந்தது என்ன என்றால், டேக் 16ஆம் தேதி வந்தது. 17, 18 ஆகிய இரண்டு நாட்களில் 2,400 பீஸ் முடிந்தது. தீபாவளி கழிந்து 22, 23 தேதிகளில் இருந்த ஆட்களை வைத்து இரவும் வேலை செய்து 2,080 முடித்தார்கள். மீதி 1,520 பீஸ், பெட்டிக்கு 40 வீதம் 38 பெட்டிகள், கப்பலைத் தவறவிட்டு எங்கள் செலவில் விமானத்தில் போயின. 31ஆம் தேதி போதுமா என்று பையரிடம் 9ஆம் தேதியே கேட்டிருக்கலாம். அவர் கேட்டதே அதைத்தான்.

அறிகுறி: வேலை நடந்துவிட்டது, ஆனால் கேட்டதைத் தாண்டிப் போய்விட்டது

‘நேவி பி ஓகே’ என்பதைப் படித்து டையிங் பார்க்கும் அண்ணன் மூன்று லாட்டையும் சாயமேற்ற வரிசையில் போட்டுவிட்டார். முதல் லாட் இறங்கிய பிறகுதான் நான் கவனித்து மற்ற இரண்டையும் நிறுத்தினேன்.

இங்கே விழுந்துபோனது நிபந்தனை. ஒப்புதலைச் சுருக்கும்போது ‘ஓகே’ நிற்கும், ‘ஆனால்’ உதிரும். எங்கள் தொழிலில் ‘ஆனால்’ இல்லாத ஒப்புதல் அரிது. பகல் வெளிச்சத்துக்குச் சமமான D65 விளக்கின் கீழ் பொருந்தும் நிறம், கடைகளில் எரியும் TL84 விளக்கின் கீழ் சிவப்பாகவோ பச்சையாகவோ சாயலாம். அந்த இரண்டாவது விளக்கைப் பற்றித்தான் பையர் எழுதியிருந்தார். என் ‘ஓகே’யில் விளக்கும் இல்லை, லாட் எண்ணிக்கையும் இல்லை.

சரிசெய்யும் முறை எளிது. நிபந்தனையோடு வரும் ஒப்புதலை ஒப்புதலாகவே எழுதக் கூடாது. அடுத்து செய்ய வேண்டிய ஒரே செயலாக எழுத வேண்டும், நிறுத்த வேண்டிய இடத்தையும் அதே வாக்கியத்தில் சொல்ல வேண்டும்:

‘நேவி, டிசம்பர் ஆர்டர்: பி நிறத்தில் சிவப்பைக் குறைத்து ஒரு லாட் மட்டும் போடுங்கள் அண்ணா. துணித்துண்டு பையரிடம் ஓகே ஆகும்வரை அடுத்த லாட் போட வேண்டாம். கடை விளக்கில் பார்த்தபோதுதான் சிவப்பு தெரிந்ததாம்.’

மூன்றே வாக்கியம். ‘ஓகே’ என்ற சொல் முதல் வாக்கியத்தில் இல்லாததைக் கவனியுங்கள். அது முதலில் வந்தால் படிப்பவர் அங்கேயே போனைப் பையில் வைத்துவிடுவார். கடைசி வாக்கியத்தை வெட்டிவிடலாம் என்று தோன்றும், வெட்ட வேண்டாம். காரணம் தெரிந்தால் அவர் டையிங்கில் எந்த விளக்கின் கீழ் பார்க்கச் சொல்ல வேண்டும் என்பதை அவரே முடிவு செய்வார். அந்த ஒரு காரணம் நான்கு கேள்விகளை மிச்சப்படுத்துகிறது.

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை: மின்னஞ்சலில் ‘ஆனால்’, ‘மட்டும்’, ‘வரை’, ‘பிறகே’, ‘தவிர’ என்று பொருள்படும் சொற்களைத் தேடி, ஒவ்வொன்றும் செய்தியில் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். காட்ட முடியாதது விழுந்துவிட்டது.

அறிகுறி: சரியான விடை, பிந்தி வருகிறது

பெரும்பாலும் நேரத்தை நாம் மொழிபெயர்க்காமல் விட்டிருப்போம். ஜெர்மனியில் வியாழன் 14 மணி என்பது அக்டோபர் தொடக்கத்தில் நமக்கு மாலை 5.30. அங்கே கோடை நேரம் அக்டோபர் கடைசி ஞாயிறு முடிகிறது. அதன் பிறகு அதே 14 மணி நமக்கு 6.30. மூன்றரை மணி நேர வேறுபாடு நான்கரை ஆகிவிடுகிறது. இங்கிலாந்து பையர் என்றால் கோடையில் நான்கரை, குளிர்காலத்தில் ஐந்தரை. இந்தக் கணக்கை நான் போட வேண்டும், குழுவினர் அல்ல.

நம் நேரமாக்கினாலும் அதை அப்படியே தரக் கூடாது. 5.30க்குள் பையருக்குப் பதில் போக வேண்டும் என்றால் 4 மணிக்குள் எனக்கு விடை வேண்டும். சப்ளையரிடம் இன்னொரு முறை பேசவும், பதிலை எழுதவும் இடைவெளி தேவை. அதனால் செய்தியில் 4 மணிதான் வரும். ‘நாளைக்குள்’ என்று எழுதாதீர்கள். இரவு 11 மணிக்குப் படிப்பவருக்கும் காலை 7 மணிக்குப் படிப்பவருக்கும் நாளை வேறு வேறு. ‘வியாழன், 9ஆம் தேதி, மாலை 4’ என்று கிழமையும் தேதியும் சேர்ந்து வந்தால் ஒன்று தவறினாலும் மற்றது காட்டிக்கொடுக்கும். அமெரிக்க பையர் 10/09 என்று எழுதியது அக்டோபர் 9 என்பதையும், அதை அப்படியே ஒட்டினால் நம்மவர்கள் செப்டம்பர் 10 என்று படிப்பார்கள் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

இதோடு சேர்ந்தது, பதில் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது. அந்த மின்னஞ்சலில் மௌனம் சம்மதமாக எடுத்துக்கொள்ளப்படும் என்று தெளிவாக இருந்தது. அப்படி ஒரு வரி இருந்தால் அதை ஒருபோதும் வெட்டக் கூடாது. கெடுவுக்கு உயிர் கொடுப்பது அந்த வரிதான். மின்னஞ்சலில் அப்படி இல்லை என்றால் அச்சுறுத்தலாக ஒன்றை நாமே சேர்க்கவும் கூடாது. இரண்டு முறை பொய்யான அவசரம் காட்டினால் மூன்றாவது முறை உண்மையான அவசரத்தை யாரும் நம்பமாட்டார்கள்.

அறிகுறி: ஒன்றைச் செய்தார்கள், மற்றொன்றை விட்டுவிட்டார்கள்

ஒரே செய்தியில் இரண்டு கோரிக்கைகள். முதல் கேள்விக்குப் பதில் எழுதியதும் படிப்பவருக்குக் கடன் தீர்ந்துவிட்ட உணர்வு வந்துவிடுகிறது. ஒரு செய்திக்கு ஒரு கேள்வி, ஒரு ஆள் என்று பிரியுங்கள். அந்த மின்னஞ்சலை இன்று நான் நான்காகப் பிரிப்பேன்: பேக்கிங்குக்கு ஒன்று, டேக் சப்ளையரிடம் பேசுபவருக்கு ஒன்று, டையிங்குக்கு ஒன்று, கழுத்து அகலத்துக்காக கட்டிங் மாஸ்டருக்கு ஒன்று. நான்கையும் ஒரே மூச்சில் போடாமல், இன்று பதில் வேண்டியதை முதலில் போட்டு, விடை வந்த பிறகு அடுத்ததைப் போடுவேன். கழுத்து அகலம் டிசம்பர் ஆர்டருக்கானது. அது வெள்ளிக்கிழமை வரை பொறுக்கும். கோடைத் தொகுப்பைப் பற்றிய ஐந்தாவது பத்தி குழுவுக்கே வேண்டாம்.

பிரித்துப் போடும்போது விடை எந்தக் கேள்விக்கு என்று குழம்பலாம். அவரவர் என் செய்தியை இழுத்து அதற்கே பதில் எழுதப் பழகிவிட்டால் குழப்பம் இல்லை. எங்கள் குழுவில் இது பழக ஒரு மாதம் ஆனது.

அறிகுறி: சுருக்கித்தான் போட்டேன், இருந்தும் கடைசி வரியை யாரும் படிக்கவில்லை

வாட்ஸ்அப்பில் செய்தி நீண்டுவிட்டால் கீழ்ப்பகுதி மடிந்து Read more என்று நிற்கும். கையில் துணியோடு நிற்பவர் அதைத் தொடமாட்டார். மடிப்புக்கு மேலே ஆள், ஆர்டர், கேள்வி, கெடு நான்கும் வந்துவிட வேண்டும். காரணமும் பின்னணியும் கீழே போனாலும் பரவாயில்லை. மின்னஞ்சல் பெரும்பாலும் பின்னணியில் தொடங்கிக் கோரிக்கையில் முடியும். செய்தியில் அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். வரிசையை மாற்றாமல் சொற்களை மட்டும் குறைத்தால் கோரிக்கை கடைசியிலேயே இருக்கும்.

கேள்வியின் இரு பக்கமும் உடுக்குறி இட்டால் அது தடித்த எழுத்தில் தெரியும். ஒரு செய்தியில் ஒரு வரிக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். எல்லாம் தடித்திருந்தால் எதுவும் தடிக்கவில்லை என்றே பொருள்.

அக்டோபர் 7ஆம் தேதி இரவு பேக்கிங் அண்ணனுக்கு நான் அனுப்பியிருக்க வேண்டிய செய்தியை, தட்டச்சு செய்ய வேண்டியபடியே கீழே தருகிறேன். பெயருக்குப் பதில் துறையை இட்டிருக்கிறேன்.

```
@பேக்கிங் அண்ணா, கருப்பு டீ-ஷர்ட் 6,000 பீஸ்:
*புது விலை டேக் எந்தத் தேதிக்குள் வந்தால் 24ஆம் தேதி அனுப்ப முடியும்?*
வியாழன் (9ஆம் தேதி) மாலை 4க்குள் தேதி மட்டும் சொல்லுங்கள்.
சொல்லாவிட்டால் 24 உறுதி என்று பையர் கப்பலில் இடம் எடுத்துவிடுவார்.
பழைய டேக் கட்ட வேண்டாம், பார்கோடு மாறிவிட்டது.
```

ஐந்து வரி. கடைசி வரி பையர் வாய்விட்டுச் சொல்லாதது. ஆனால் அவர் சொன்னதிலிருந்து பேக்கிங்குக்கு இன்றே தேவைப்படுவது. இதுபோல் ‘உடனே நிறுத்த வேண்டியது’ ஏதாவது இருந்தால் அதற்கு ஒரு வரி எப்போதும் உண்டு. இன்னும் சுருக்க வேண்டும் என்றால் எதை எடுக்கலாம் என்று பலமுறை முயன்றேன். ‘6,000 பீஸ்’ என்பதை எடுக்கலாம், அவருக்குத் தெரியும். வேறு எதை எடுத்தாலும் அவர் என்னைத் திரும்ப அழைக்க வேண்டியிருக்கும்.

அறிகுறி: எண் தவறிவிட்டது

சில பொருள்கள் சுருங்காது. பார்கோடு எண் பதின்மூன்று இலக்கம். அளவு அட்டவணை நான்கு சைஸுக்கு இருபது வரி. இவற்றைக் கையால் செய்தியில் அடிக்கவே கூடாது. கோப்பை அப்படியே அனுப்பி, அதற்கு மேலே ஒரு வரியில் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்: ‘அட்டவணையில் கழுத்து அகல வரி மட்டும் மாறியிருக்கிறது.’ மின்னஞ்சலையே படமெடுத்துப் போடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். போன் திரையில் அதைப் படிக்க முடியாது. பீஸ் விலை போன்ற, குழுவுக்குப் போகக் கூடாத எண்ணும் அதோடு சேர்ந்து போய்விடும்.

அறிகுறி: அனுப்பிய பிறகுதான் தவறு தெரிகிறது

வாட்ஸ்அப்பில் பதினைந்து நிமிடத்துக்குள் திருத்தலாம். எழுத்துப் பிழை என்றால் திருத்துங்கள். தேதியோ, நிபந்தனையோ, ஆளோ மாறினால் திருத்த வேண்டாம். திருத்தியது புதிய செய்தியாக ஒலிக்காது, முன்பே படித்தவர் பழையதையே மனத்தில் வைத்திருப்பார். ‘முந்தையது தவறு’ என்று தொடங்கிப் புதிதாக அனுப்பி, பழையதை நீக்குங்கள். செய்தியை அழுத்திப் பிடித்து அதன் விவரத்துக்குள் போனால் யார் யார் படித்துவிட்டார்கள் என்று தெரியும். அவர்களை மட்டும் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிடலாம்.

படித்தவர் பட்டியலை வேறொன்றுக்கும் நான் பயன்படுத்துகிறேன். கெடுவுக்கு ஒரு மணி நேரம் முன்பு, பதில் சொல்ல வேண்டியவர் படித்துவிட்டாரா என்று பார்க்கிறேன். படிக்கவில்லை என்றால் அழைக்கிறேன். படித்தும் பதில் இல்லை என்றால் என் கேள்வியில்தான் ஏதோ குறை என்று எடுத்துக்கொண்டு, நேரில் போய் நிற்கிறேன். பேக்கிங் பகுதி எங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டு மாடி கீழே. கடந்த மாதம் அப்படிப் போனபோது அண்ணன் சொன்னார், ‘தேதி கேட்டிருந்தீர்கள், எந்தக் கலர் என்று போடவில்லையே?’ சாம்பலும் கருப்பும் ஒரே வாரத்தில் கிளம்ப இருந்தன. அங்கேயே நின்று ‘சாம்பல்’ என்று சேர்த்து மீண்டும் அனுப்பினேன். படி ஏறுவதற்குள் தேதி வந்துவிட்டது.